30 நாள் கடன், 80 நாள் காத்திருப்பு

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் ஆறு ஆண்டுகளாக மதியச் சாப்பாடு சமைத்து அலுவலகங்களுக்கு அனுப்புகிறேன். ஒரு கணினி நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 80 சாப்பாடு, 90 ரூபாய் வீதம். எனக்கு அடக்கம் 76 ரூபாய். மாதம் முடிந்ததும் பில் கொடுக்கிறேன். 30 நாளில் பணம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். வந்துசேர இரண்டரை மாதம் ஆகிறது. மளிகைக் கடைக்காரர் 15 நாளுக்கு மேல் பொறுப்பதில்லை, காய்கறிக்கு அன்றாடம் காசு. இரண்டு வட்டிக்கு வாங்கித்தான் ஓட்டுகிறேன். இன்னொரு சிறிய அலுவலகத்துக்கு 18 சாப்பாடு. அங்கே 46,000 ரூபாய் பாக்கி. கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள். கறாராகக் கேட்டால் ஆர்டரே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டு வாடிக்கையாளர்களும் தாமதமாகத்தான் தருகிறார்கள். ஆனால் இருவருக்கும் நோய் வேறு, மருந்தும் வேறு. பெரிய நிறுவனத்திடம் பணம் இருக்கிறது. உங்கள் பில்தான் வழியில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. சிறிய அலுவலகத்தில் பில் போய்ச் சேர்ந்துவிட்டது, பணம்தான் இல்லை. இதை எப்படிக் கண்டுகொண்டேன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் பெரியதைப் பார்ப்போம்.

நான் தணிக்கையாளனாவதற்கு முன் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், பில்களைப் பாஸ் செய்யும் மேசையில் உட்கார்ந்தவன். அதனால் அந்தப் பக்கத்து நடைமுறை தெரியும். பெரிய அலுவலகங்களில் கடன் நாள், நீங்கள் சாப்பாடு கொடுத்த அன்று தொடங்குவதில்லை. பில்லில் போட்ட தேதியிலிருந்தும் பெரும்பாலும் தொடங்குவதில்லை. கணக்குப் பிரிவு பில்லைக் கணினியில் பதிவு செய்கிறதே, அன்றுதான் தொடங்குகிறது. 30 நாள் முடிந்தவுடனும் பணம் வராது. மாதத்தில் இரண்டு நாள் பணம் அனுப்புவது என்று வைத்திருப்பார்கள். 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ஜூன் 1ஆம் தேதி நீங்கள் கொடுத்த சாம்பார் சாதத்தின் பின்னால் போவோம். பில் ஜூலை 1இல் போடுகிறீர்கள். கணக்குக் கூட்டி, சரிபார்த்து, 5ஆம் தேதி கொடுக்கிறீர்கள். அட்மின் கையெழுத்துப் போட்டு, கணக்குப் பிரிவில் பதிவாக 8ஆம் தேதி. அதிலிருந்து 30 நாள் என்றால் ஆகஸ்ட் 7. ஆகஸ்ட் 5ஆம் தேதிப் பட்டுவாடா அதற்குள் போய்விட்டது, அடுத்தது 20. ஆக ஜூன் 1 சாப்பாட்டுக்குக் காசு ஆகஸ்ட் 20இல். 80 நாள். யாரும் உங்களை ஏமாற்றவில்லை. அவர்கள் கணக்கில் நீங்கள் 30 நாள் கடன் கொடுத்தவர்தான்.

பணம் வருவதற்கு முதல்நாள் அவர்களிடம் நிற்பது எவ்வளவு? ஜூனில் 22 வேலை நாள், ஜூலையில் 22, ஆகஸ்டில் 13. மொத்தம் 57 நாள் சாப்பாடு. 80 பேர், 76 ரூபாய் அடக்கம் என்றால் 3,46,560 ரூபாய் உங்கள் கைப்பணம் வெளியே. ஜூன் பணம் வந்ததும் 35 நாளாகக் குறையும், மறுபடி ஏறும். சராசரியாக 46 நாள் என்று வைத்தால் 2,79,680 ரூபாய். இரண்டு வட்டிக்கு மாதம் ஏறத்தாழ 5,600. இந்த அலுவலகத்தில் உங்கள் மாத லாபம் சாப்பாட்டுக்கு 14 ரூபாய் வீதம் 24,640. அதில் கால்வாசியைச் சற்றுக் குறைய வட்டிக்காரர் கொண்டுபோகிறார். ஜி.எஸ்.டி. தனி. ஜூன் பில்லுக்கு 5 சதவீதம், 7,920 ரூபாய். மாதக் கணக்கு தாக்கல் செய்பவராக இருந்தால் ஜூலை 20இல் கட்டிவிட வேண்டும்; அவர்கள் உங்களுக்குத் தந்தார்களா என்று வரித்துறை கேட்காது. அதையும் ஒரு மாதம் நீங்கள்தான் தாங்குகிறீர்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, நேராகப் போய் "30 நாளை 15 ஆக்குங்கள்" என்று கேட்பது. கடன் நாளைக் குறைக்கும் அதிகாரம் அட்மினுக்கு இருக்காது; மேலே கேட்க வேண்டும்; மேலே "வேறு கேட்டரிங் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை விழும். உங்கள் பயம் இந்த வழியில் நியாயமானதுதான். ஆனால் உங்கள் கையிலேயே இருக்கும் இரண்டு இடங்களைத் தொட்டாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

முதல் இடம், பில் பதிவாகும் நாள். ஜூலை 8க்குப் பதில் 3ஆம் தேதி பதிவானால், 30 நாள் ஆகஸ்ட் 2இல் முடியும். 5ஆம் தேதிப் பட்டுவாடாவில் பணம் வந்துவிடும். ஐந்து நாள் சுறுசுறுப்புக்கு 15 நாள் லாபம். வெளியே நிற்பது 57 நாளிலிருந்து 47 நாளாகிறது. இரண்டாவது இடம், மாதம் ஒரு பில் என்பதை இரண்டாக்குவது: 1 முதல் 15 வரை ஒன்று, மீதிக்கு ஒன்று. கடன் அதே 30 நாளாக இருக்கட்டும். ஜூன் முதல் பாதி பில் 16இல் போட்டு 18இல் பதிவானால் ஜூலை 20இல் பணம். வெளியே நிற்பது அதிகபட்சம் 36 நாள். கடன் நாளைப் பற்றி வாயே திறக்காமல் 57ஐ 36 ஆக்கியாயிற்று. உங்கள் அடக்கக் கணக்கில் ஏறத்தாழ 1,27,000 ரூபாய் கைக்குத் திரும்புகிறது. இதற்கு மேல் என்றாவது கடன் கெடுவும் 15 நாளானால் 25 நாளில் வந்து நிற்கும். அதை அடுத்த விலை உயர்வுப் பேச்சு வரும்போது கேட்டுக்கொள்ளலாம்.

மாதம் இரண்டு பில் என்பதற்கு அட்மினிடம் பெரிய எதிர்ப்பு இருக்காது. "மாதக் கடைசியில் 22 நாள் கணக்கை ஒன்றாகப் பார்ப்பது உங்களுக்கும் சிரமம், 11 நாளாகப் பிரித்துத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். பொய்யில்லை, உண்மையிலேயே அவருக்கும் சௌகரியம்தான்.

இனி பில் ஏன் 3ஆம் தேதி பதிவாகாமல் 8க்கும் சில மாதம் 18க்கும் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு பில்லில் சிக்கல் பெரும்பாலும் எண்ணிக்கையில்தான் இருக்கும். நீங்கள் 80 அனுப்பினீர்கள். அன்று எட்டுப் பேர் விடுப்பு. 72 தட்டு எடுத்தார்கள். உங்கள் நோட்டில் 80, அவர்கள் பதிவேட்டில் 72. அன்றே பேசியிருந்தால் இரண்டு நிமிட விஷயம். மாதக் கடைசியில் பேசினால் யாருக்கும் நினைவிருக்காது, பில் ஓரமாக வைக்கப்படும்.

என் மேசையிலேயே இது நடந்தது. தேநீரும் பலகாரமும் கொடுத்துவந்த ஒருவருடைய பில் நான்கு மாதம் என் இழுப்பறையில் கிடந்தது. மூன்று நாள் சலானில் கையெழுத்து இல்லை. அவர் வந்து கேட்கட்டும், கொண்டுவரச் சொல்லலாம் என்று நான் இருந்தேன். கம்பெனி இழுத்தடிக்கிறது, கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று அவர் இருந்தார். மூன்று கையெழுத்துக்கு நான்கு மாதப் பணம் நின்றது. அந்த மூன்று நாளின் மதிப்பு மொத்தமே சில நூறு ரூபாய்.

அதனால் முந்தின நாள் மாலை 5 மணிக்குள் மறுநாள் எண்ணிக்கையை அவர்கள் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ சொல்ல வேண்டும். சொன்ன எண்ணிக்கைக்குத்தான் பில், உண்ட எண்ணிக்கைக்கு அல்ல என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லவில்லையென்றால் முந்தின நாள் எண்ணிக்கையே செல்லும். இரண்டு படி சலான் புத்தகம் ஒன்று வண்டியோடு போகட்டும். பாத்திரம் இறக்கும்போதே கையெழுத்து. டிரைவரிடம் "கையெழுத்து இல்லாமல் காலிப் பாத்திரத்தை எடுத்து வராதே" என்று சொல்லிவையுங்கள். 15ஆம் தேதி மாலை, நாள்வாரியாக எண்ணிக்கை போட்ட ஒரே ஒரு தாளை அட்மினுக்கு அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். பில் மறுநாள் அந்தப் பதிலோடு சேர்ந்து போகிறது. கணக்குத் தாள் ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகு பில்லில் சண்டை போட ஒன்றுமில்லை.

அடுத்து வருவது, தனி ஆர்டர். "அக்கா, நாளைக்கு மீட்டிங், 25 பிரியாணி" என்று தொலைபேசியில் சொல்வார்கள். நீங்களும் கொடுத்துவிட்டு மாத பில்லிலேயே சேர்த்துவிடுவீர்கள். பர்ச்சேஸ் ஆர்டரில், அதாவது அவர்கள் எழுத்தில் தரும் கொள்முதல் ஆணையில், 90 ரூபாய்ச் சாப்பாடு மட்டும்தான் இருக்கும். பிரியாணி அதில் இருக்காது. கணக்குப் பிரிவு பிரியாணியை மட்டும் நிறுத்தாது, முழு பில்லையும் நிறுத்தும். 25 பிரியாணிக்காக ஒன்றரை லட்சம் காத்திருக்கும். எனவே தனி ஆர்டருக்குத் தனி பில், எப்போதும். பர்ச்சேஸ் ஆர்டருக்கு ஒரு மொத்தத் தொகையும் முடிவுத் தேதியும் இருக்கும், அதையும் உங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தொகை தீர்ந்துவிட்டால் பில்லைக் கணினி ஏற்றுக்கொள்ளாது. அதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. உங்களிடம் பர்ச்சேஸ் ஆர்டரே இல்லையென்றால், இரண்டு பில் முறையைக் கேட்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேட்பதும் ஒரு கலைதான். "பணம் எப்போது வரும்?" என்று அட்மினைக் கேட்காதீர்கள். அவர் உங்கள் சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர், உங்கள் முகம் பார்த்துப் பேசுகிறவர், அவரைச் சங்கடப்படுத்துவதால் பணம் வராது. பணம் அனுப்புவது அவர் வேலையும் இல்லை. கணக்குப் பிரிவின் மின்னஞ்சல் முகவரியை வாங்கிக்கொண்டு, பில் கொடுத்த மூன்றாம் நாள் இவ்வளவு மட்டும் எழுதுங்கள்: "பில் எண் இது, தேதி இது, தொகை இவ்வளவு. பதிவாகிவிட்டதா? ஏதேனும் தாள் குறைகிறதா?" இது பணம் கேட்பதாகவே இருக்காது. பதிவாகிவிட்டது என்று பதில் வந்தால், கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது இன்னொரு வரி: "20ஆம் தேதிப் பட்டியலில் இந்த பில் இருக்கிறதா?" பட்டியல் தயாராகும் முன் கேட்டால்தான் பயன், 21ஆம் தேதி கேட்டால் அடுத்த பட்டியலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இதில் கறாரும் இல்லை, கெஞ்சலும் இல்லை. இப்படிக் கேட்டதற்காக ஆர்டர் போனதாக நான் பார்த்ததில்லை.

பணம் வரும்போது தொகை கொஞ்சம் குறைந்திருந்தால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். நீங்கள் தனிநபர் உரிமையாளர் என்றால் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள், ஜி.எஸ்.டி. பில்லில் தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதற்கு முந்தைய தொகையின் மீதுதான் பிடிக்க வேண்டும். ஜூன் மாதத்துக்கு 1,58,400 ரூபாய், ஜி.எஸ்.டி. 7,920, கழிவு 1,584. கைக்கு வர வேண்டியது 1,64,736. அந்த 1,584 உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது அந்த 18 சாப்பாட்டு அலுவலகம். அவர்கள் இதுவரை எப்படிப் பணம் தந்தார்கள் என்று உங்கள் வங்கிக் கணக்கைப் பாருங்கள். 10,000, 5,000, 8,000 என்று முழு எண்ணாக, எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் வந்திருக்கும் என்பது என் ஊகம். பணம் இருக்கும் நிறுவனம் 1,64,736 என்று சில்லறையோடு அனுப்பும். கணினி கணக்குப் போட்ட தொகை அது. முழு எண்ணாக அனுப்புகிறவர், கையில் இருப்பதில் யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கிறார். அந்தப் பங்கில் சத்தம் போடுகிறவருக்கு முதலில் போகும். சம்பளம் தள்ளிப்போவது, சாப்பாட்டு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வருவது, பேசிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போவது, இவையெல்லாம் உங்கள் பரிமாறுகிறவர் காதில் முதலில் விழும். அவரிடம் விசாரியுங்கள். தணிக்கையாளனுக்கு ஐந்தொகையில் தெரிவது, பரிமாறுகிறவருக்கு ஆறு மாதம் முன்பே தெரிந்துவிடுகிறது.

இவர்களுக்கு நினைவூட்டல் கடிதம் எத்தனை எழுதினாலும் பயனில்லை. நாளைக்கு 1,620 ரூபாய் வீதம் 46,000 என்பது 28 நாள் சாப்பாடு. இனி ஒரு நாள் கூடக் கூடவிடாதீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை நேரில் போய் உரிமையாளரிடமே பேசுங்கள்: அடுத்த திங்கள் முதல் வாரச் சாப்பாடு 8,100 ரூபாய், முன்பணமாக, ஞாயிறு மாலைக்குள். பழைய பாக்கிக்கு வாரம் 4,000. பன்னிரண்டாம் வாரம் 2,000 கொடுத்தால் தீர்ந்தது. இரண்டையும் இரண்டு தனித்தனி வரவாக அனுப்பச் சொல்லுங்கள். ஒன்றாகச் சேர்த்து அனுப்பினால், எது புதிய சாப்பாட்டுக்கு, எது பழைய பாக்கிக்கு என்பதில் மறுபடி குழப்பம் வரும். பேசியதை அன்று மாலையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, 46,000 பாக்கி சரி என்று அவரிடமிருந்து ஒரு பதில் வாங்கிவிடுங்கள். பின்னால் எந்த இடத்துக்குப் போனாலும் அந்த ஒப்புதல் தேவைப்படும்.

முன்பணம் வரவில்லையென்றால் திங்களன்று அடுப்பில் அந்த 18 பேருக்கு அரிசி போடாதீர்கள். ஆனால் ஞாயிறு இரவே சொல்லிவிடுங்கள். எந்தக் கோபத்திலும் மதியம் 12 மணிக்கு நிறுத்தக் கூடாது. பசியோடு உட்கார்ந்திருப்பவர்கள் பாக்கி வைத்தவர்கள் அல்லர். சரவணம்பட்டி போன்ற இடத்தில் அவர்களில் பாதிப் பேர் அடுத்த ஆண்டு பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்வார்கள், உங்கள் பெயரும் கூடவே போகும்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் தெரிந்திருக்கட்டும். உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு; இலவசம், இணையத்தில் செய்துகொள்ளலாம். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு, 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். நீங்கள் வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டது சட்டத்தின் கண்ணில் 15 நாள் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி உண்டு, புகார் செய்ய மாநில வசதியாக்கல் மன்றம் உண்டு. உறவு முறிந்த பிறகு எடுக்கும் ஆயுதம் அது. சாப்பாடு போய்க்கொண்டிருக்கும் இடத்தில் எடுக்க வேண்டாம். பதிவுக்கு முந்தைய பாக்கிக்கு அதை நம்பவும் வேண்டாம்.

ஆனால் சண்டையில்லாத ஒரு பயன் இருக்கிறது. 2023இல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு விதி சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் தராமல் மார்ச் 31ஐத் தாண்டினால், வாங்கியவர் அதை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். அவர்கள் தணிக்கையாளர் பிப்ரவரியிலேயே பட்டியல் கேட்பார். பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டு, சான்றிதழின் பிரதியைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவைத்தால் அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் தானாக ஏறிவிடும். நீங்கள் ஒரு வார்த்தையும் கேட்க வேண்டியதில்லை.

விலையைப் பற்றி ஒன்று. மேலே சொன்ன 5,600 ரூபாய் வட்டியை மாதம் 1,760 சாப்பாட்டில் பங்கிட்டால் சாப்பாட்டுக்கு 3 ரூபாய் 18 காசு. புதிய அலுவலகம் எதுவும் உங்களைத் தேடி வந்தால் இரண்டு விலை சொல்லுங்கள்: மாதம் இரண்டு பில், 15 நாள் என்றால் 90, மாதம் ஒரு பில், 30 நாள் என்றால் 94. இதைத் தலைகீழாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். "94தான், சீக்கிரம் தந்தால் 4 ரூபாய் தள்ளுபடி" என்று சொன்னால், தள்ளுபடியைக் கழித்துக்கொண்டு 80ஆம் நாள் பணம் அனுப்பும் அலுவலகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த மாதம் 15ஆம் தேதியிலிருந்தே முதல் அரை பில்லைத் தொடங்கிவிடுங்கள். மாறும் மாதத்தில் பழைய முழு மாத பில்கள் வரிசையில் நின்றுகொண்டேதான் இருக்கும். அதனால் வித்தியாசம் உங்கள் கைக்குத் தெரிய இரண்டு மாதம் ஆகும். அதுவரை வட்டிக்கடனை அடைக்க மளிகைக்காரர் பணத்தை எடுத்துவிடாதீர்கள். அவர் தரும் 15 நாளுக்கு வட்டி இல்லை.